சோலார் பம்ப்செட்டுக்கு எத்தனை பேனல் வேண்டும்? கிணற்றை அளந்து நீங்களே போடும் கணக்கு

சோலார் பம்ப்செட் போட நினைக்கும் விவசாயிகள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, “3 எச்.பி. போதுமா, 5 எச்.பி. போடணுமா?” என்பதுதான். பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. ஓடுகிறது என்பதற்காக அதையே கேட்டு வாங்குபவர்களும் உண்டு. ஆனால், எச்.பி. என்பது கணக்கின் முடிவில் வர வேண்டிய விடை. கணக்கைத் தொடங்க இரண்டு அளவுகள் போதும். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? அந்தத் தண்ணீரை மொத்தம் எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ள வேண்டும்? இந்த இரண்டும் சரியாக இருந்தால் பேனல் கணக்கை ஒரு பெருக்கல், ஒரு வகுத்தலில் முடித்துவிடலாம். இவற்றில் பெரும்பாலும் தவறுவது உயரம்தான்.

கரன்ட் மோட்டாரில் இந்தத் தவறு உடனே தெரியாது. தண்ணீர் குறைவாக வந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். சோலாரில் வெயில் இருக்கும் நேரம் மட்டும்தான் நம் கையில் உள்ளது. கணக்கு தவறினால் பயிருக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பற்றாக்குறை தெரியவரும்.

இங்கே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒட்டன்சத்திரம் பக்கம் 2 ஏக்கர் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் தக்காளி, ஒரு ஏக்கரில் 70 தென்னை மரங்கள். இரண்டுக்கும் சொட்டு நீர்ப் பாசனம். தண்ணீருக்கு ஒரு போர்வெல். போரிலிருந்து தொட்டியில் தேக்காமல் நேரடியாகச் சொட்டு நீர்க் குழாய்க்கே தண்ணீர் போகிறது.

முதல் அளவு: தினமும் எத்தனை லிட்டர்?

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர். நன்கு வளர்ந்து காய் பிடிக்கும் தக்காளிக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தேவை என்று கொண்டால், ஏக்கருக்கு 20,000 லிட்டர் ஆகிறது. தென்னைக்கு மரத்துக்கு 80 லிட்டர் வீதம் 70 மரங்களுக்கு 5,600 லிட்டர். இரண்டும் சேர்ந்து 25,600 லிட்டர்.

சொட்டு நீரிலும் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கணக்கில் வைக்க வேண்டும். அதையும், மாடுகளுக்கும் மற்ற வேலைகளுக்கும் 1,000 லிட்டரையும் சேர்த்தால் 29,500 லிட்டர் வருகிறது. நாளொன்றுக்கு 30,000 லிட்டர் என்று எழுதிக்கொள்வோம்.

ஆண்டு முழுவதற்குமான சராசரியை இங்கே எடுக்கக் கூடாது. எந்த மாதத்தில் பயிருக்கு அதிகத் தண்ணீர் வேண்டுமோ, அந்த மாதத் தேவையைத்தான் எடுக்க வேண்டும். நம் தோட்டத்துக்கு அது ஏப்ரல்.

இரண்டாம் அளவு: மொத்த உயரம்

“போர் 300 அடி, மோட்டாரை 200 அடியில் இறக்கியிருக்கோம்” என்று சொல்வது வழக்கம். இந்த இரண்டு எண்ணும் பேனல் கணக்குக்கு உதவாது. மோட்டார் எவ்வளவு ஆழத்தில் தொங்கினாலும், அது தண்ணீர் மட்டத்திலிருந்துதான் தூக்குகிறது. அதனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதே நமக்கு வேண்டும்.

ஓடாத போரில் தண்ணீர் மேலே நிற்கும். ஓட ஓட மட்டம் கீழே இறங்கி, ஊற்று வரத்தும் மோட்டார் இறைப்பதும் சமமாகும் இடத்தில் நிலைத்து நிற்கும். நம் தோட்டத்துப் போரில் ஓடாதபோது 82 அடியில் இருக்கும் தண்ணீர், இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பிறகு 125 அடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எடுக்க வேண்டியது 125 அடிதான். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதால் இது 38 மீட்டர்.

இதை அளப்பது கடினமில்லை. பைப் இறக்கும்போதே, அதோடு சேர்த்து ஒரு மெல்லிய குழாயை மோட்டாருக்குச் சற்று மேல் வரை கட்டி இறக்கிவிடுங்கள். அந்தக் குழாய் வழியாக இரண்டு இழை ஒயரை விடலாம். ஒயரின் கீழ் முனையில் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல் வெளியே தெரிய வேண்டும். மேல் முனையை மல்டிமீட்டரில் ஓம் அளவில் இணைத்தால், முனை தண்ணீரைத் தொட்டதும் முள் அல்லது எண் நகரும். அந்த இடத்தில் ஒயரில் அடையாளம் வைத்து அளந்துகொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இந்த ஒயருக்கு வீட்டு மின்சாரம் கொடுக்கக் கூடாது. குழாய் இல்லாமல் ஒயரை நேரடியாகப் போருக்குள் விட்டால் பைப்பிலோ கேபிளிலோ சுற்றிக்கொள்ளும்.

அளவை எடுக்க ஏற்ற காலம் ஏப்ரல், மே. மழை முடிந்த ஜனவரியில் அளந்தால் மட்டம் மேலே இருக்கும். அதை நம்பிப் போட்ட பேனல் கோடையில் போதாது.

இந்த 38 மீட்டரோடு இன்னும் நான்கைச் சேர்க்க வேண்டும்.

போர் வாயிலிருந்து வயலின் மேட்டுப் பகுதி எவ்வளவு உயரம்? நம் தோட்டத்தில் 2 மீட்டர்.

சொட்டு நீர்க் குழாயில் எவ்வளவு அழுத்தம் வேண்டும்? பொதுவாக 1 கிலோ அழுத்தம் தேவைப்படும். இது 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குவதற்குச் சமம். பலர் விட்டுவிடும் கணக்கு இதுதான்.

ஃபில்டரில் எவ்வளவு அழுத்தம் குறைகிறது? 3 மீட்டர் என்று கொள்வோம்.

பைப்பின் உராய்வில் எவ்வளவு போகிறது? போருக்குள் 60 மீட்டர் நீளத்துக்கு 50 மி.மீ. பைப்பும், தோட்டத்தில் 120 மீட்டருக்கு 63 மி.மீ. பைப்பும் இருந்தால், வளைவுகளையும் சேர்த்து ஏறக்குறைய 4 மீட்டர்.

38, 2, 10, 3, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 57 மீட்டர். வறட்சியான ஆண்டை நினைத்துச் சிறிது கூட்டி 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

பைப் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மணிக்கு 6,500 முதல் 7,000 லிட்டர் ஓடும்போது, 63 மி.மீ. பைப்பில் 100 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான் உராய்வில் போகும். 50 மி.மீ. பைப்பில் இது மூன்றரை மீட்டர். 40 மி.மீ. பைப்பில் 10 மீட்டரைத் தாண்டிவிடும். பைப்பில் மிச்சம் பிடித்த பணத்தைப் பேனலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பேனல் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். தினசரி லிட்டரை மொத்த உயரத்தால் பெருக்கி 3,67,000-ஆல் வகுத்தால், அந்தத் தண்ணீரைத் தூக்க மட்டும் எத்தனை யூனிட் வேண்டும் என்று தெரியும்.

30,000 × 60 = 18,00,000

18,00,000 ÷ 3,67,000 = 4.9 யூனிட்

ஆனால் பேனலின் சக்தி முழுவதும் தண்ணீராக மாறுவதில்லை. பேனலில் எழுதியிருக்கும் வாட் 100 என்றால், வெயில் சூடு, தூசி, ஒயர் இழப்பு ஆகியவற்றில் 25 போய்விடும். கன்ட்ரோலரில் இன்னும் கொஞ்சம் குறையும். மீதியில் பாதியைத்தான் மோட்டாரும் பம்பும் சேர்ந்து தண்ணீரைத் தூக்கப் பயன்படுத்தும். கடைசியில் தண்ணீருக்குக் கிடைப்பது 100-க்கு 35 அளவில் இருக்கும். ஆகவே 4.9-ஐ 0.35-ஆல் வகுக்க வேண்டும். பேனலிலிருந்து வர வேண்டியது 14 யூனிட்.

அடுத்தது வெயில். சூரியன் 11, 12 மணி நேரம் இருந்தாலும், அதில் உச்சி வெயிலுக்குச் சமமான நேரம் எவ்வளவு என்பதே கணக்கு. தமிழகத்தின் உள் மாவட்டங்களில் ஏப்ரலில், நிலையாகப் பொருத்திய பேனலுக்கு இதை ஐந்தரை மணி நேரம் என்று எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் 4 மணி நேரம் என்று எடுப்பது பாதுகாப்பு.

14 ÷ 5.5 = 2.55 கிலோவாட்

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் நினைவில் வைக்கலாம். தினசரி லிட்டரை மொத்த உயர மீட்டரால் பெருக்கி 7 லட்சத்தால் வகுத்தால், கோடைக்குத் தேவையான கிலோவாட் கிடைக்கும். மழைக்கால மேகமூட்ட மாதங்களுக்கு 7 லட்சத்துக்குப் பதிலாக 5 லட்சம்.

இதே விவசாயி ஓடாதபோது நிற்கும் 82 அடியையும் மேட்டு உயரத்தையும் மட்டும் கணக்கில் எடுத்திருந்தால், உயரம் 27 மீட்டர் என்று வந்திருக்கும். பேனல் 1.16 கிலோவாட் போதும் என்று தோன்றியிருக்கும். உண்மைத் தேவையில் அது பாதிகூட இல்லை.

அரசு மானியத் திட்டத்தில் தனித்தியங்கும் பம்ப்செட்டுகள் குறிப்பிட்ட படிகளில் வருகின்றன. 3 எச்.பி.க்கு 3,000 வாட், 5 எச்.பி.க்கு 4,800 வாட் பேனல் என்பது மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் அளவு. நமக்கு வந்த விடை 2,550 வாட். அதற்கு மேலே உள்ள படி 3 எச்.பி. அதில் 3,000 வாட் இருப்பதால், ஏப்ரலில் நாளொன்றுக்கு 35,000 லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். தேவை 30,000 என்பதால் ஒரு மேகமூட்ட நாளை ஈடுகட்ட இடம் இருக்கிறது.

போர் அவ்வளவு கொடுக்குமா?

சோலார் பம்ப் நாள் முழுவதும் ஒரே அளவு இறைப்பதில்லை. காலையிலும் மாலையிலும் குறைவாகவும், நண்பகலில் மிக அதிகமாகவும் இறைக்கும். நம் தோட்டத்தில் நண்பகலில் மணிக்கு 6,500 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 108 லிட்டர் வெளியேறும். போரின் ஊற்று இதைத் தாங்க வேண்டும்.

இதைச் சோதிக்க 200 லிட்டர் டிரம் போதும். கோடையில் மோட்டாரைக் குறைந்தது மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு, டிரம் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 1 நிமிடம் 45 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 6,800 லிட்டர் வருகிறது. அப்போது தண்ணீர் மட்டமும் மேலும் இறங்காமல் நின்றிருந்தால் இந்தப் போர் 3 எச்.பி.யைத் தாங்கும்.

இந்தப் போரில் 5 எச்.பி. போட்டால் என்ன ஆகும்? நண்பகலில் ஊற்றைவிட அதிகமாக இறைத்து மட்டம் மோட்டார் வரை இறங்கும். தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் பாதுகாப்பு, மோட்டாரை நிறுத்தும். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். நல்ல வெயில் நேரம் இப்படியே வீணாகும். பெரிய மோட்டாரால் போரில் இல்லாத தண்ணீரைக் கொண்டுவர முடியாது. ஊற்றே குறைவு என்றால் தக்காளிப் பரப்பைக் குறைப்பதுதான் வழி.

எந்த பம்ப்? காலை வெயிலில் தெரியும் வித்தியாசம்

3 எச்.பி. பம்ப் என்று கேட்டால் பல மாடல்கள் உண்டு. சில அதிகத் தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளும். சில குறைந்த தண்ணீரை அதிக உயரத்துக்குத் தள்ளும். ஒவ்வொரு மாடலுக்கும் அட்டவணை இருக்கும். அதில் தண்ணீர் வருவது முற்றிலும் நிற்கும் உயரத்தைப் பாருங்கள்.

கரன்ட் மோட்டார் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். சோலார் பம்ப் வெயிலுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வேகம் குறைந்தால் அது தள்ளும் உயரம் அதைவிட வேகமாகக் குறையும். வெயில் 100-க்கு 60 என்ற அளவில் இருக்கும்போது, பம்பின் வேகம் ஏறக்குறைய 84 ஆகும். ஆனால் தள்ளும் உயரம் 70-க்கு இறங்கிவிடும்.

நிற்கும் உயரம் 75 மீட்டர் உள்ள பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் நம் 60 மீட்டருக்கு அது தண்ணீர் தரும். வெயில் 60 ஆகும்போது அதனால் 53 மீட்டருக்குத்தான் தள்ள முடியும். பம்ப் சுற்றும், சொட்டுக் குழாய்க்குத் தேவையான அழுத்தம் வராது. நிற்கும் உயரம் 90 மீட்டர் உள்ள பம்ப், அதே வெயிலில் 63 மீட்டர் வரை தள்ளும். ஆகவே 60 மீட்டர் தேவைக்கு, நிற்கும் உயரம் 85 முதல் 100 மீட்டர் வரை உள்ள மாடலைக் கேளுங்கள். அதற்கும் மேலே போனால் நண்பகலில் தண்ணீர் அளவு குறைந்துவிடும்.

இதே காரணத்தால் சொட்டு நீர்ப் பரப்பையும் வால்வு போட்டு இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு பகுதியை மட்டும் திறந்தால் குறைந்த தண்ணீரிலும் அழுத்தம் நிற்கும். நண்பகலில் இரண்டு பகுதிகளைத் திறக்கலாம்.

கொட்டேஷனில் இருக்கும் லிட்டர்

சில கொட்டேஷன்களில், “50 மீட்டர் உயரத்தில் ஒரு வாட்டுக்கு 19 லிட்டர்” என்பதுபோல் இருக்கும். ஏ.சி. பம்புக்கு அமைச்சக விதிமுறையில் இருந்துவந்த அளவு இது. ஆனால் நாளொன்றுக்கு 7.15 மணி நேர உச்சி வெயில் கிடைக்கும் என்ற நிபந்தனையில் சொல்லப்பட்டது. சூரியனைத் தொடர்ந்து பேனலைத் திருப்பினால்தான் அவ்வளவு கிடைக்கும்.

நம் 60 மீட்டருக்கு அது வாட்டுக்கு ஏறக்குறைய 15.8 லிட்டர். 3,000 வாட்டுக்கு 47,500 லிட்டர் என்று கணக்கு வரும். நிலையான பேனலுக்கு ஐந்தரை மணி நேரம்தான் என்பதால் 5.5-ஆல் பெருக்கி 7.15-ஆல் வகுத்தால் 36,500 லிட்டர். நாம் முன்பு போட்ட 35,000-க்கு இது மிக அருகில் இருக்கிறது. வெயில் 4 மணி நேரமே இருக்கும் டிசம்பரில் அதே பேனல் 26,500 லிட்டர்தான் தரும். கொட்டேஷனில் லிட்டர் எழுதியிருந்தால், எத்தனை மீட்டர் உயரத்துக்கு, எத்தனை மணி நேர வெயிலுக்கு என்ற இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேனலில் வாட் மட்டும் சரியாக இருந்தால் போதாது, வோல்டேஜும் பொருந்த வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 41 வோல்ட்டில் வேலை செய்யும். ஐந்தை வரிசையாக இணைத்தால் 2,700 வாட் கிடைக்கும், ஆனால் வோல்டேஜ் 205 மட்டுமே. கன்ட்ரோலருக்கு 300 வோல்ட்டுக்கு மேல் தேவை என்றால், மோட்டார் முழு வேகத்தை எட்டாது. சிறிய வாட் பேனல்களை அதிக எண்ணிக்கையில் வரிசையாக இணைத்தால் இந்தச் சிக்கல் வராது. கன்ட்ரோலர் கேட்கும் வோல்டேஜையும், வெயில் சூட்டில் பேனல் வரிசை தரும் வோல்டேஜையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தென்னை நிழல் பேனல் மீது விழாத இடமாகவும் பார்க்க வேண்டும். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் சக்தியும் பாதிக்கப்படும்.

பொருத்திய பிறகு சோதிப்பது எப்படி?

மேகமில்லாத நாளில் நண்பகல் 12 மணி அளவில் சோதியுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள அழுத்த மீட்டர் 1 கிலோ காட்டும்படி வால்வைத் திருகி வைத்துக்கொண்டு, வெளியேறும் தண்ணீரை டிரம்மில் பிடியுங்கள். நம் தோட்டத்துக்கு 200 லிட்டர் டிரம் 1 நிமிடம் 50 விநாடி அளவில் நிரம்ப வேண்டும். அழுத்தம் இல்லாமல் பைப் வாயைத் திறந்துவிட்டுக் காட்டும் தண்ணீர் கணக்கில் சேராது.

இரண்டரை நிமிடம் ஆகிறது என்றால் கன்ட்ரோலரில் தெரியும் வாட் அளவைப் பாருங்கள். 3,000 வாட் பேனல் நண்பகலில் 2,200 வாட் அளவில் தர வேண்டும். அதைவிட மிகக் குறைவாக இருந்தால் தூசி, நிழல், இணைப்பு, வோல்டேஜ் என்று பேனல் பக்கம் தேடுங்கள். வாட் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் குறைந்தால் கோளாறு தண்ணீர்ப் பக்கம் உள்ளது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஃபில்டரைக் கழுவுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒயரை விட்டுத் தண்ணீர் மட்டத்தை மீண்டும் அளந்து பாருங்கள். மட்டம் 125 அடிக்குக் கீழே போயிருந்தால், புதிய உயரத்தை வைத்து அதே 7 லட்சக் கணக்கைப் போட்டால், இனி எத்தனை லிட்டரை நம்பிப் பயிர் வைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.